பிரம்மதண்டு விதை கடுகெண்ணெயில் சேர்வது தற்செயலா, திட்டமிட்டதா?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வேலையின் காரணமாகப் பதினோரு ஆண்டுகளாகக் கான்பூரில் குடியிருக்கிறேன். இங்கே வந்த பிறகு எங்கள் வீட்டுச் சமையலும் பெரும்பாலும் கடுகெண்ணெய்க்கு மாறிவிட்டது. நம் ஊரில் வரப்போரத்திலும் தரிசு நிலத்திலும் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்கும் பிரம்மதண்டு, இங்கே 'சத்தியநாசி' என்ற பெயரில் அதே போலத் தரிசுகளில் நிற்கிறது. அதன் விதை கடுகோடு சேர்ந்து எண்ணெயில் இறங்கினால் கால் வீங்கும், இதயம் தளரும், உயிரே போகும் என்பது இங்கே பலருக்கும் தெரிந்த செய்திதான். 1998 ஆகஸ்டில் தில்லியில் தொடங்கிய பாதிப்பில் ஏறத்தாழ 3,000 பேர் நோயுற்றார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

என் ஐயம் இதுதான். கடுகு வயலில் களையாக வளரும் பிரம்மதண்டு அறுவடையில் தானாகவே கலந்துவிடுகிறது என்று பொது மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. நான் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு பிரம்மதண்டு எண்ணெய் இருந்தால் நோய் வெளிப்படும் என்கிறார்கள். இரண்டு விதைகளும் தம் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக எண்ணெய் தருவதால், விதையிலும் ஏறத்தாழ அதே ஒரு பங்கு இருந்தாக வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ கடுகில் பத்து கிராம் பிரம்மதண்டு விதை இருக்கும். ஒரு விதையின் எடையை இரண்டு மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அது ஐயாயிரம் விதை. கைநிறைய அள்ளும் ஐம்பது கிராமிலேயே இருநூற்றைம்பது விதை கிடக்க வேண்டும். இவ்வளவும் களையெடுக்காத ஒரே காரணத்தால் வர முடியுமா? அல்லது யாரோ ஒருவர் வேண்டுமென்றே சேர்க்கிறாரா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழைக்காற்று

நல்ல கேள்வி. நான் முன்பு கொல்கத்தாவில் இருந்தவன். 1988இல் பெஹாலாவில் ரேஷன் கடை எண்ணெயைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கைகால் விளங்காமல் போனதும் இதே பிரம்மதண்டு கலப்படத்தால்தான். ஆகவே இது வேண்டுமென்றே செய்யப்படுவது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் வீட்டில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வங்காளத்தில் கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சிய பிறகுதான் சமைப்பார்கள். அந்தச் சூட்டில் நஞ்சு முறிந்துவிடும்.

பழைய ஸ்டெதாஸ்கோப்

கீழைக்காற்று அவர்களே, நீங்கள் சொன்னவற்றில் இரண்டைத் திருத்த வேண்டியிருக்கிறது. பெஹாலாவில் நடந்தது வேறு. அங்கே எண்ணெயில் கலந்திருந்தது டிரை கிரெசில் பாஸ்பேட் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள். அது நரம்பைத் தாக்கும், ஆகவே கைகால் செயலிழந்தது. பிரம்மதண்டு எண்ணெய் தாக்குவது நுண்ணிய இரத்தக் குழாய்களை. நரம்பு பெரும்பாலும் தப்பிவிடும். நோயாளியின் முழங்காலைச் சுத்தியலால் தட்டினால் கால் வழக்கம் போலத் துள்ளும். இந்த ஒரு வேறுபாடுதான் ஒரு முறை எனக்கு வழிகாட்டியது. அதைக் கீழே சொல்கிறேன்.

சூட்டைப் பற்றிச் சொன்னதும் ஆபத்தான நம்பிக்கை. நஞ்சாக வேலை செய்யும் சாங்குவினரின், டைஹைட்ரோசாங்குவினரின் ஆகிய இரண்டும் வழக்கமான சமையல் சூட்டைத் தாங்கி நிற்கும். 1877இல் கொல்கத்தாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது. அதற்குப் பிறகு வங்காளத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. எண்ணெயைப் புகைய விட்டுச் சமைக்கும் அதே வங்காளத்தைத்தான்.

இனி நான் பார்த்த குடும்பத்தின் கதை. பல ஆண்டுகளுக்கு முன் உத்தரப் பிரதேசத்தின் ஒரு சிறு நகரத்தில் பணியிலிருந்தபோது, ஒரே வாரத்தில் ஒரே வீட்டிலிருந்து நால்வர் கால் வீக்கத்தோடு வந்தார்கள். அதற்கு முன்பே வேறொரு மருத்துவமனையில் சிறுநீரகக் கோளாறு என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். சிறுநீரைச் சோதித்தேன், புரதம் இல்லை. அடுத்து வைட்டமின் பி1 குறைபாட்டால் வரும் பெரிபெரியாக இருக்குமோ என்று எண்ணித் தையமின் ஊசி போட்டேன். ஐந்து நாள் ஆகியும் அசைவில்லை. முழங்கால் துள்ளல் நால்வருக்கும் சரியாக இருந்தது.

அதன் பிறகுதான் கால்களை நிதானமாகப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, அது எந்த வீக்கத்திலும் நடப்பதுதான். ஆனால் இந்தக் கால்கள் சிவந்திருந்தன, தொட்டால் சூடாக இருந்தன, லேசாக அழுத்தியபோதே அந்த வீட்டுப் பெண் காலை இழுத்துக்கொண்டார். சிறுநீரக வீக்கத்தில் கால் வெளுத்துக் குளிர்ந்திருக்குமே தவிர இப்படி எரியாது. வீக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பு எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு இருந்ததை அவர்களாகச் சொல்லவில்லை, நான் கேட்டபோதுதான் நினைவுகூர்ந்தார்கள்.

யாருக்கு வரவில்லை என்று கேட்டேன். தாய்ப்பால் மட்டும் குடித்த ஐந்து மாதக் குழந்தைக்கு வரவில்லை. பேறுகாலத்துக்காக ஒரு மாதமாகத் தாய்வீட்டில் இருந்த இன்னொரு மருமகளுக்கும் வரவில்லை. அந்த வீட்டு அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் வீங்கியிருந்தார்கள். சமையலறையில் இருந்த எண்ணெய் டின்னைக் கொண்டுவரச் சொன்னேன். தெருமுனையில் சில்லறையாக அளந்து வாங்கியது. நைட்ரிக் அமிலச் சோதனையில் அமிலம் செம்மஞ்சளாக மாறியது.

எண்ணெயை நிறுத்திய பிறகு மூவருக்கு வீக்கம் வடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான்காமவர் அந்த வீட்டுப் பெரியவர். அவருக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு தொடங்கியிருந்தது. இதயம் தளர்ந்து இறந்துபோனார். தையமின் ஊசியை நம்பி நான் காத்திருந்த அந்த ஐந்து நாளும் அவர் அதே எண்ணெயில்தான் சாப்பிட்டார் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

தாழைமடல்

மருத்துவர் ஐயா, படிக்கவே கலக்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கடுகெண்ணெய் கிடையாது, நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும்தான். ஆனால் தினமும் கடுகு தாளிக்கிறோமே! நேற்று அஞ்சறைப்பெட்டியில் இருந்த கடுகைத் தட்டில் கொட்டிப் பார்த்ததில் நான்கைந்து விதை சொரசொரப்பாக இருந்தது. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டேன். என் மாமியாருக்குச் சில மாதமாக மாலையில் கால் வீங்குகிறது. அதுவும் இதுதானோ?

பழைய ஸ்டெதாஸ்கோப்

அம்மா, அளவை வைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு முப்பது மில்லி எண்ணெய் சேர்த்துக்கொள்ளும் ஒருவருக்கு, அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கலப்பு இருந்தால், 270 மில்லிகிராம் அளவுக்குப் பிரம்மதண்டு எண்ணெய் உள்ளே போகும். ஒரு சிறு கரண்டிக் கடுகு ஐந்து கிராம் என்றும், அதிலும் அதே ஒரு பங்கு கலப்பு என்றும் வைத்துக்கொண்டால், விதை 50 மில்லிகிராம், அதிலுள்ள எண்ணெய் 17 அல்லது 18 மில்லிகிராம். அதையும் வீட்டில் நால்வர் பகிர்ந்துகொள்கிறீர்கள். ஆக, அறுபதில் ஒரு பங்குதான் வரும். நீங்கள் பார்த்த நான்கைந்து விதை அந்த ஒரு பங்குக் கலப்பின் அருகில்கூட வராது. பொறுக்கி எறிந்தாலே போதும். அதற்காக விதையாகத் தின்றால் தீங்கில்லை என்று பொருளல்ல. தென்னாப்பிரிக்காவில் கோதுமையோடு இந்த விதை அரைபட்டு, மாவு வழியாகவே இந்நோய் வந்திருக்கிறது.

மாமியாருக்கு மாலையில் வீங்கிக் காலையில் வடிகிறது என்றால், வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்றால், இந்த நோயை நினைக்க இடமில்லை. ஆனால் வயதானவருக்குக் கால் வீங்கினால் இதயம், சிறுநீரகம், காலின் சிரைகள் இவற்றைப் பார்க்க வேண்டும். அருகிலுள்ள மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

தாழைமடல்

நன்றி ஐயா, வியாழக்கிழமை போகிறோம். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். என் நாத்தனார் தில்லியில் இருக்கிறாள். குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்த்துத்தான் குளிப்பாட்டுகிறாள். உள்ளே போகாவிட்டால் பரவாயில்லையா?

பழைய ஸ்டெதாஸ்கோப்

தோல் வழியாகவும் போகும். கலப்பட எண்ணெயை உடம்பில் தேய்த்துக்கொண்டவர்களுக்கு இந்நோய் வந்ததை 1985இல் மருத்துவ ஏட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். சமையலுக்கு எந்த எண்ணெயை ஒதுக்குவோமோ அதைத் தேய்க்கவும் ஒதுக்க வேண்டும்.

எக்ஸ்பெல்லர்

நான் ராஜஸ்தானில் பரத்பூர், அல்வர் பக்கத்து மண்டிகளில் ஓர் எண்ணெய் ஆலைக்காகக் கடுகு கொள்முதல் செய்தவன். நொய்யல்கரை தம்பியின் கணக்கில் தவறில்லை, ஆனால் கேள்வியை இரண்டு வழிகளில் மட்டும் அடைத்துவிட்டார். நான் பார்த்த வரையில் வழி மூன்று.

முதலாவது, வயல். நான் நடமாடிய பகுதியில் கடுகை அறுக்கும் நாளில் பிரம்மதண்டின் காய் பெரும்பாலும் பச்சையாகவே முள்ளோடு நிற்கும். அது முற்றி, நுனி வெடித்து விதை கொட்டுவது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். முள் குத்துவதால் அறுக்கிறவர்களும் அதை ஒதுக்கிவிட்டே அரிவாள் போடுவார்கள். ஆகவே அறுவடையிலேயே நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் கலக்கும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டாவது, நேரடிக் கலப்பு. பிரம்மதண்டு எண்ணெய் விளக்கெரிக்கவும் சோப்புக்கும் பயன்பட்ட பொருள். விதையைத் தரிசில் இருந்து சேகரித்து விற்பவர்களும் வாங்குபவர்களும் இருந்தார்கள். விதைப்பதில்லை, நீர் பாய்ச்சுவதில்லை, ஆகவே விலை மலிவு. கடுகு விலை ஏறும் ஆண்டில் அது எங்கே போகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதைத்தான் யாரும் பேசுவதில்லை. பெரிய ஆலையில் கடுகை அரைக்கும் முன் சல்லடையிலும் காற்றிலும் விட்டுச் சுத்தம் செய்வார்கள். மண், சருகு, நொறுங்கிய கடுகு, களை விதை எல்லாம் கழிவாக ஒரு பக்கம் சேரும். மூட்டையில் அரைச் சதவீதம்கூட இல்லாத களை விதை அந்தக் கழிவுக் குவியலில் பல மடங்கு செறிந்து கிடக்கும். நொறுங்கிய கடுகு இருப்பதால் அதிலும் எண்ணெய் உண்டு. ஆகவே அதை மலிவாக வாங்கி அரைக்கும் சிறு ஆலைகள் இருந்தன. வாங்குபவர் 'நான் எதையும் கலக்கவில்லை' என்று உண்மையாகவே சொல்வார். எண்ணெய் மட்டும் நஞ்சாக இருக்கும்.

நொய்யல்கரை

எக்ஸ்பெல்லர் அண்ணா, இந்த மூன்றாவது வழி எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பாடநூல், மார்ச் மாதத்தில் இரண்டும் சேர்ந்தே முற்றுகின்றன, சேர்ந்தே அறுபடுகின்றன என்கிறதே. நீங்கள் சொல்வது அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

எக்ஸ்பெல்லர்

ஆம், மாறாகத்தான் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தது ராஜஸ்தானின் இரண்டு மாவட்டங்கள் மட்டும். அங்கே கடுகை முன்பட்டத்தில் விதைப்பார்கள். பின்பட்டத்தில் விதைத்துத் தாமதமாக அறுக்கும் ஊர்களில் இரண்டும் ஒரே நேரத்தில் முற்றலாம். அங்கே பாடநூல் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

சோதனைக்குழாய்

நான் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணிபுரிகிறேன். மருத்துவர் குறிப்பிட்ட நைட்ரிக் அமிலச் சோதனையைப் பற்றிச் சில சொற்கள். எண்ணெயையும் அடர் நைட்ரிக் அமிலத்தையும் சம அளவில் ஒரு குழாயில் எடுத்துக் குலுக்கி நிறுத்தினால், அமிலம் அடியில் பிரிந்து நிற்கும். அதில் ஆரஞ்சோ செம்பழுப்போ தெரிந்தால் பிரம்மதண்டு எண்ணெயை ஐயுற வேண்டும். ஏறத்தாழக் கால் சதவீதம் வரைதான் இது பிடிக்கும். அதற்குக் கீழே இருந்தால் அமிலம் நிறம் மாறாது. நிறம் மாறாததை 'தூய எண்ணெய்' என்று படித்துவிடக் கூடாது. தவிர, கடுகெண்ணெய் தானே அடர்நிறம் கொண்டது, பழைய எண்ணெய் இன்னும் கருக்கும். லேசான மஞ்சளைப் பார்த்துவிட்டு ஒருவர் உண்டு என்பார், பக்கத்தில் நிற்பவர் இல்லை என்பார். நான் இதை முதல் சல்லடையாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன். உறுதி செய்ய மென்படலக் குரோமட்டோகிராபி செய்து, தட்டைப் புறஊதா விளக்கின் கீழே பார்ப்பேன். சாங்குவினரின் இருந்தால் அந்த இடம் மட்டும் தனியாக ஒளிரும். கலப்பு மிகமிகக் குறைவாக இருந்தாலும் அதில் தப்பாது.

தயவுசெய்து யாரும் அமிலத்தை வாங்கி வீட்டில் முயல வேண்டாம். குலுக்கும்போது தெறித்தால் தோலும் கண்ணும் போய்விடும்.

விதையாக இருக்கும்போது சோதிப்பதுதான் எளிது. கடுகு வழவழப்பான உருண்டை. பிரம்மதண்டு விதை அதைவிடக் கறுப்பு. மேற்பரப்பு தேன்கூட்டைப் போலக் குழிகுழியாக இருக்கும், ஒரு முனை சற்றுக் கூர்ந்திருக்கும். கரண்டியின் முதுகால் நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள், இதன் உள்ளே வெள்ளை.

கீழைக்காற்று

பெஹாலா பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். இத்தனை ஆண்டுகள் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. 1998க்குப் பிறகு சில்லறையாக அளந்து விற்பதைத் தடுத்து, அடைத்து முத்திரையிட்டே விற்க வேண்டும் என்றார்கள். அதனால் பயனடைந்தவை பெரிய நிறுவனங்களும் இறக்குமதி எண்ணெயும்தானே? அந்தக் கலப்படமே அதற்காகத்தான் என்று அப்போது வலுவாகப் பேசப்பட்டது.

எக்ஸ்பெல்லர்

பேசப்பட்டது உண்மை. நானும் கேட்டிருக்கிறேன். சிறிய செக்குக்காரர்கள் பலர் அந்தத் தடையில் நசிந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவருக்குப் பயன் கிடைத்தது என்பதால் அவர்தான் செய்தார் என்று ஆகாது. நான் சொன்ன கழிவுக் குவியல் ஒன்றே இதற்குப் போதும், சதி தேவையில்லை.

கீழைக்காற்று

கழிவுக் குவியலால் ஒரு தெரு, ஒரு பேட்டை நோயுறலாம். ஒரே பருவத்தில் மூவாயிரம் பேர் நோயுற்றதை அது விளக்குமா என்பதில் எனக்கு இன்னும் ஐயம்தான்.

சோதனைக்குழாய்

இதில் என்னால் ஒரு பக்கம் சேர முடியவில்லை. எண்ணெயில் கலப்பு உண்டா என்பதைத்தான் என் தட்டு சொல்லும். அது விதையாக வந்ததா, எண்ணெயாக ஊற்றப்பட்டதா என்பதைச் சொல்லாது. ஆலையில் பிண்ணாக்கையும் சேர்த்து எடுத்திருந்தால் ஒரு துப்புக் கிடைக்கும். பிண்ணாக்கில் பிரம்மதண்டின் குழி விழுந்த மேல்தோல் துணுக்குகள் இருந்தால் விதையாக வந்தது என்று பொருள். எண்ணெயில் நஞ்சு இருந்து, அதே நாள் பிண்ணாக்கில் துணுக்கே இல்லாவிட்டால், பிறகு ஊற்றியதாகக் கருதலாம். ஆனால் ஆய்வுக்கு எண்ணெய்தான் வருகிறதே தவிர, பிண்ணாக்கு வருவதில்லை. நோய் வெளிப்பட்டுச் சில வாரங்கள் கழித்துத்தான் மாதிரி எடுக்கப் போகிறார்கள். அதற்குள் பிண்ணாக்கை மாடு தின்றிருக்கும்.

வாடாமல்லி

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். லக்னோவில் வளர்ந்தவள் நான். என் பள்ளி நாட்களில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இந்த வீக்கம் வந்து வடிந்தது. சில வாரங்கள் கழித்து, இரவில் தெருவிளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிகிறது என்று அம்மா சொல்லத் தொடங்கினார். கண் சிவக்கவில்லை, வலிக்கவும் இல்லை, ஆகவே நாங்கள் கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று விட்டுவிட்டோம். நான்கு மாதம் கழித்து வேறு எதற்கோ போனபோது கண்ணழுத்தம் மிக அதிகம் என்றார்கள். வலக்கண்ணின் ஓரப் பார்வை அதற்குள் போயிருந்தது. இதுவும் அந்த எண்ணெயால்தானா என்று இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பழைய ஸ்டெதாஸ்கோப்

வாடாமல்லி அம்மா, நேரில் பார்க்காமல் உங்கள் தாயாரைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இந்நோயில் வரும் கண்ணழுத்தத்தின் இயல்போடு பொருந்துகிறது. இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறும், கண் சிவக்காது, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவது மட்டுமே அறிகுறியாக இருக்கும். அழுத்தம் சில மாதங்களில் தானாகத் தணிவதும் உண்டு, ஆனால் இடையில் போன பார்வை திரும்பாது. நான் சொன்ன குடும்பத்திலும் காலை இழுத்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு இது வந்தது. அவர் விளக்கு வட்டத்தைப் பற்றி அடுத்த வாரமே சொன்னதால் சொட்டுமருந்தில் நின்றது. கால் வடிந்தவுடன் 'குணமாயிற்று' என்று அனுப்பிவிடாமல், மூன்று நான்கு மாதம் வரை கண்ணழுத்தத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் தாயாரின் இன்னொரு கண்ணை இப்போதும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு அப்போது வீக்க நோய் வந்ததையும் கண் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

வாடாமல்லி

சொல்கிறேன் ஐயா. காரணம் இதுவாக இருக்கலாம் என்று கேட்டதே அம்மாவுக்கு ஓர் ஆறுதலாக இருக்கும். இத்தனை நாளும் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நொய்யல்கரை

இன்று காலை கடைக் கடுகு நூறு கிராமை வெள்ளைத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழி விழுந்த விதை பதினொன்று. நசுக்கியபோது பதினொன்றும் உள்ளே வெள்ளை. எடையில் பார்த்தால் பத்தாயிரத்துக்கு இரண்டு பங்கு, அதாவது நோய் வரும் அளவில் ஐம்பதில் ஒன்று.

எக்ஸ்பெல்லர்

தம்பி, நீ எண்ணியது கடைக்காகச் சலித்துச் சுத்தம் செய்த கடுகு. அதில் விடுபட்டவை எங்கே போயின என்பதுதானே நம் கேள்வி. மார்ச் மாதம் மண்டிக்குப் போ. சலிக்காத குவியலில் மேலாக அள்ளாதே. சிறிய விதை கீழே இறங்கிவிடும், அடியில் கையை விட்டு நான்கு பக்கமும் எடு. முடிந்தால் பக்கத்திலுள்ள சலிப்பு எந்திரத்தின் கழிவிலும் ஒரு நூறு கிராம் கேட்டு வாங்கு. இரண்டையும் எண்ணி இங்கே எழுது.

நொய்யல்கரை

போகிறேன் அண்ணா. எண்ணி எழுதுகிறேன். இழையை அதுவரை திறந்தே வைத்திருக்குமாறு மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.